ஒரே சம்பவம், மூன்று செய்தி: எம்.டி.க்கு, பையருக்கு, நைட் ஷிப்டுக்கு

நண்டு கியூசி | வியாழன், காலை 9:05

மண்டபம் பக்கம் ஒரு நண்டு பதனிடும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நீலக்கால் நண்டுச் சதையை டின்னில் அடைத்து, பாஸ்டுரைஸ் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். உறைய வைத்த சரக்கு இல்லை, குளிரில் மட்டும் நிற்கிற சரக்கு. கோல்டு ரூம் 0 முதல் 2 டிகிரிக்குள் ஓட வேண்டும், 3.3-ஐத் தாண்டக் கூடாது என்று பையர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

நேற்று இரவு 11:10-க்குக் கரண்ட் போனது. 11:13-க்கு ஜெனரேட்டர் ஏறிவிட்டது. லைட் எரிந்தது, ஃபேன் ஓடியது, எல்லாம் சரியென்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். கோல்டு ரூம் கம்ப்ரசர் மட்டும் திரும்ப ஓடவில்லை. அதிகாலை 4:20-க்குத்தான் ஒருவர் கவனித்தார். 4:25-க்கு எஸ்.பி.பி. என்கிற பாதுகாப்பு ரிலேயை ரீசெட் செய்து கம்ப்ரசரை ஓட்டினோம். டேட்டா லாக்கர்படி உள்ளே காற்றின் வெப்பம் 12:40-க்கு 3.3-ஐத் தாண்டி, உச்சமாக 6.9 வரை போயிருக்கிறது. மறுபடி 3.3-க்குக் கீழே வந்தது 5:10-க்கு. 4:40-க்கு நான் மூன்று டின் திறந்து பார்த்தேன். கதவோரம் 4.1, நடுவில் 2.8, உள் மூலையில் 2.4.

இன்னொரு சங்கடம். இரவு 2 மணிக்கு ரிஜிஸ்டரில் கையால் எழுதியது 1.5 டிகிரி. அதே நேரத்தில் லாக்கரில் 5.0.

அறையில் 640 பெட்டி இருக்கிறது. அதில் 400 பெட்டி நாளை தூத்துக்குடி போகிற கண்டெய்னருக்கு. மதியத்துக்குள் மூன்று பேருக்கும் செய்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் வரைவு இது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

எம்.டி.க்கு: "சார், நேற்று இரவு மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தியதால் கோல்டு ரூமில் சிறிது வெப்ப ஏற்ற இறக்கம். கதவோரம் உள்ள 96 பெட்டிகள் பாதிப்பு. மீதி நல்ல நிலையில் உள்ளது."

பையருக்கு: "வழக்கமான தரச் சோதனைக்காக உங்கள் லாட்டில் ஒரு பகுதியை முன்னெச்சரிக்கையாக நிறுத்தி வைத்துள்ளோம். ஒரு சிறு தாமதம் இருக்கலாம்."

டீமுக்கு: "நைட் ஷிப்டின் அலட்சியத்தால் முழு லாட்டும் கெட்டுப்போகும் நிலை. ரிஜிஸ்டரில் பொய் எழுதியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

---

தங்கச்சிமடம் ஐஸ் | காலை 9:22

தங்கச்சி, இது நம்ம ஐஸ் பிளான்ட்டில் அடிக்கடி வருகிற கதைதான். மூன்று ஃபேஸிலும் வோல்ட்டேஜ் சமமாக வராவிட்டால் எஸ்.பி.பி. கம்ப்ரசரைத் துண்டித்துவிடும். நிறைய எஸ்.பி.பி. கையால் ரீசெட் அமுக்கினால்தான் திரும்ப எடுக்கும். தானாக எடுக்கிற மாதிரியும் கிடைக்கிறது, ஆனால் கோளாறு தீராமல் மோட்டார் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகி வைண்டிங் கருகிவிடும். அதனால் அதை மாட்டாதீர்கள். கம்ப்ரசர் ஓடாவிட்டால் மணி அடிக்கிற மாதிரி ஒரு ரிலே எடுத்து, சைரனை வாட்ச்மேன் உட்காருகிற இடத்தில் வையுங்கள்.

ஒன்று கேட்கணும். எஸ்.பி.பி. எப்போது விழுந்தது? கரண்ட் போகும்போதா, ஜெனரேட்டர் ஏறும்போதா? ஜெனரேட்டரில் ஒரு ஃபேஸில் மட்டும் லோடு கூடியிருந்தால் அதுவே தட்டிவிடும்.

---

நண்டு கியூசி | காலை 9:30

நன்றி அண்ணே. ஆனால் நான் கேட்டது மெஷினைப் பற்றி இல்லை, செய்தி எழுதுவது பற்றி. எப்போது விழுந்தது என்பது தெரியாது. எலக்ட்ரீஷியன் 11 மணிக்கு வருகிறார்.

---

கீழக்கரை காக்கா | காலை 9:48

தங்கச்சி, ஐஸ்காரர் கேட்டது உங்கள் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ரொம்ப வருஷம் ஏற்றுமதியில் இருந்தவன் நான், இந்த மாதிரி காலை நேரங்கள் எனக்குப் பழக்கம்.

எம்.டி.க்கு "மின்வாரியம் கரண்ட்டை நிறுத்தியதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஐஸ்காரர் கேட்டதற்கு "தெரியாது" என்கிறீர்கள். அப்புறம் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? ஜெனரேட்டர்தான் தட்டிவிட்டது என்று 11 மணிக்குத் தெரிந்தால், காரணம் வெளியே இல்லை, நம்ம வீட்டுக்குள். காரணம் மாறினால் எம்.டி. எடுக்க வேண்டிய முடிவும் மாறுகிறது. உங்கள் முதல் வாக்கியம் அவரைத் தப்பான கதவைத் தட்ட அனுப்பிவிடும்.

அதைவிடப் பெரியது ஒன்று. மூன்று வரைவையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். எம்.டி.க்கு "சிறிது ஏற்ற இறக்கம்". பையருக்கு "வழக்கமான சோதனை". டீமுக்கு "முழு லாட்டும் கெட்டுப்போகும் நிலை". ஒரே ராத்திரி நடந்தது மூன்று வேறு சம்பவமாகிவிட்டது. மேலே போகும்போது சுருங்குகிறது, வெளியே போகும்போது மறைகிறது, கீழே வரும்போது வீங்குகிறது. கேட்கிறவர் யார், அவர் நம்மை என்ன செய்ய முடியும் என்ற பயத்தைப் பொறுத்து அளவு மாறியிருக்கிறது. ஆளுக்கு ஏற்ற மாதிரி எழுதுவது என்பது இது கிடையாது.

"வழக்கமான சோதனை" என்பதில் வழக்கம் எதுவும் இல்லை. அது நேரடியாகப் பொய். அதை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள்.

---

பாம்பன் பாலா | காலை 10:02

நான் சேல்ஸ்காரன், அதனால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். சிஸ்டர், பொய் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் பையருக்கு மெயில் போட்டால் பத்துக் கேள்வி திரும்ப வரும், ஒன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்காது. ஊகமாக எதையாவது எழுதி, இரண்டு நாள் கழித்து "அது இல்லை, இது" என்று திருத்தினால்தான் நம்பிக்கை போகும். எனவே காரணம், லேப் ரிசல்ட் எல்லாம் கையில் வந்த பிறகு ஒரே முழு மெயிலாக அனுப்புங்கள். அதுவரை கண்டெய்னரை மட்டும் தள்ளிப் போடுங்கள். உள்ளே நடக்கிறதையெல்லாம் வெளியே கொட்ட வேண்டியதில்லை.

---

கீழக்கரை காக்கா | காலை 10:20

பாலா, ஊகம் எழுதாதே என்றீர்கள், நூற்றுக்கு நூறு சரி. காத்திருங்கள் என்றீர்கள், அங்கேதான் பிரிகிறோம். காரணம் தெரியாது என்பதும் எழுதக்கூடிய ஒரு தகவல்தான். "காரணம் இன்னும் தெரியவில்லை, எலக்ட்ரீஷியன் பார்க்கிறார், இன்று மாலைக்குள் சொல்கிறோம்" என்று எழுதினால் அதில் ஊகம் எங்கே இருக்கிறது?

பையருக்கு நாளைய கண்டெய்னர் வராது என்பது இன்றைக்கே தெரிய வேண்டும். அவர் தன் கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். வேறு இடத்தில் சரக்கு பார்ப்பதா, காத்திருப்பதா என்ற முடிவு அவருடையது. நாம் காத்திருந்தால் அந்த முடிவை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

நேரமும் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. பையர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால் இந்தக் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 8 ஆகும்போது இங்கே மாலை 5:30. ஆகவே பகல் முழுக்க விவரம் சேர்க்கலாம், ஆனால் மாலை 5:30-க்குள் மெயில் அங்கே காத்திருக்க வேண்டும்.

இப்போது 96 பெட்டிக்கு வருவோம். அது எப்படி வந்தது, தங்கச்சி?

---

நண்டு கியூசி | காலை 10:31

கதவோரம் இரண்டு பேலட், ஒவ்வொன்றிலும் 48. அங்கே எடுத்த டின்தான் 4.1 காட்டியது. மற்ற இரண்டு டின்னும் 3.3-க்குக் கீழே. அதனால் மற்றவை நல்லதென்று எடுத்துக்கொண்டேன்.

---

கீழக்கரை காக்கா | காலை 10:44

640 பெட்டியில் மூன்று டின். இரண்டு டின் நன்றாக இருந்தது என்பது நீங்கள் பார்த்தது. 544 பெட்டி நன்றாக இருக்கிறது என்பது நீங்கள் நினைத்தது. பேலட்டின் வெளிப்பக்கப் பெட்டி ஒரு மாதிரி சூடாகும், நடுப்பெட்டி ஒரு மாதிரி. ஏசி காற்று அடிக்கிற பக்கம், மேல் அடுக்கு, கீழ் அடுக்கு எல்லாம் வேறு வேறு. உள் மூலையில் எடுத்த டின் வெளிப்பெட்டியா, நடுப்பெட்டியா?

இப்போது போய் மறுபடி அளக்கவும் முடியாது. கம்ப்ரசர் ஓடி அறை குளிர்ந்துவிட்டது. இப்போது எந்த டின்னைத் திறந்தாலும் நல்லபடியாகத்தான் காட்டும். "இன்று காலை மீண்டும் சோதித்தோம், எல்லாம் 2 டிகிரிக்குக் கீழ்" என்று யாராவது எழுதச் சொல்வார்கள் பாருங்கள். எண் உண்மைதான், ஆனால் படிப்பவர் அதிலிருந்து எடுக்கிற அர்த்தம் பொய். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மோந்து பார்த்து நல்லா இருக்கிறது என்று சொல்லும் ஆட்களும் வருவார்கள். 3.3 என்று கோடு போட்டிருப்பதே பாட்டுலினம் கிருமிக்காக. அதில் குளிரைத் தாங்குகிற வகை அந்த அளவிலிருந்துதான் வளரத் தொடங்குகிறது. அதன் விஷம் இருந்தாலும் வாடையில் தெரியணும் என்று இல்லை.

ஆகவே உங்கள் கையில் உள்ள உண்மை இவ்வளவுதான்: மூன்று டின் அளந்தோம், ஒன்று எல்லையைத் தாண்டியிருந்தது, மற்றவை அளக்கப்படவில்லை. 96 என்ற எண் எந்தச் செய்தியிலும் வரக் கூடாது. 640-ம் நிறுத்தி வைப்பு.

---

சம்பை பாசி | காலை 11:05

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் குழுவில் கடல்பாசி வளர்க்கிறோம். எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது. நாங்கள் மிதவையில் அறுத்தது ஈரமாக இவ்வளவு கிலோ என்று குழு நோட்டில் எழுதுவோம். வாங்குகிறவர்கள் தங்கள் மேலிடத்துக்குக் காய்ந்த எடையில் எழுதுவார்கள். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஒரு கூட்டத்தில் இரண்டு நோட்டும் ஒன்றாக வந்துவிட்டது. "ரெண்டாயிரம் கிலோ கொடுத்தோம்" என்று நாங்கள், "இருநூறுதான் வந்தது" என்று அவர்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்த சண்டையைப் பார்க்கணுமே. எங்கள் பெண்கள் பாதிப் பேர் இன்னும் எடையில் ஏமாற்றினார்கள் என்றுதான் நம்புகிறார்கள்.

காய வைக்கும்போது மண் ஒட்டுகிறது என்று கழிவு பிடிப்பது வேறு கதை. அதற்கு யாரிடம் கேட்பது?

---

கீழக்கரை காக்கா | காலை 11:18

அக்கா, கழிவு விஷயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். ஆனால் எடை விஷயம் இங்கேயே பொருந்துகிறது.

தங்கச்சி, மூன்று செய்தியிலும் ஒரே அளவுகோல். எம்.டி.க்கு "அறையில் பாதிக்குமேல்", பையருக்கு "400 பெட்டி", டீமுக்கு "எட்டு பேலட்டுக்கு மேல்" என்று போனால் மூன்றும் சரியாகவே இருந்தாலும் பின்னால் யாரும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியாது. பெட்டி என்றால் மூன்றிலும் பெட்டி. வெப்பத்திலும் அப்படித்தான். 6.9 காற்றின் வெப்பம், 4.1 டின்னுக்குள் அளந்தது. ஒருவருக்கு 6.9, இன்னொருவருக்கு 4.1 என்று மட்டும் சொன்னால் அது வேண்டுமென்றே பிரித்த மாதிரித்தான். இரண்டையும் சேர்த்து, எது எது என்று சொல்லி, மூவருக்கும் கொடுங்கள்.

---

ராத்திரி வேலை | காலை 11:26

மேடம், நான் வேறு ஒரு பிளான்ட்டில் நைட் ஷிப்ட். உங்கள் டீம் செய்தியைப் படித்ததும் வயிறு எரிந்தது. "ரிஜிஸ்டரில் பொய் எழுதியவர்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆளிடம் கேட்டீர்களா? ரிஜிஸ்டருக்கு அவர் எதைப் பார்த்து எழுதுகிறார்? லாக்கரையா, கதவுக்கு வெளியே இருக்கிற டிஸ்பிளேயையா? எங்கள் பிளான்ட்டில் ஒரு டிஸ்பிளே இருக்கிறது, பட்டனை அமுக்கினால் செட் பண்ணிய டிகிரியைக் காட்டும், விட்டால் உள்ளே இருக்கிற டிகிரியைக் காட்டும். புதுசா வந்த பையன்கள் எத்தனை பேர் செட் பாயிண்ட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் தெரியுமா?

பொய் எழுதுகிறவன் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ரிஜிஸ்டர் கட்டத்தை நிரப்புகிறவனும் இருக்கிறான். ஆனால் நீங்கள் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்று. நைட் ஷிப்ட் குரூப்பில் போடுகிற செய்தி மண்டபம் பூரா போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாது. பையருக்கு என்ன எழுதினீர்கள் என்பதும் எங்களுக்கு வந்துவிடும், பேக்கிங்கில் இருக்கிற பையன் ஆபீஸில் இருக்கிறவனுக்குச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். அங்கே "சிறு தாமதம்", இங்கே "முழு லாட்டும் போச்சு" என்றால் அடுத்த தடவை நீங்கள் சொல்வதை யாரும் கேட்கமாட்டார்கள்.

---

நண்டு கியூசி | மதியம் 12:40

அந்த ஆபரேட்டரிடம் பேசினேன். வெளி டிஸ்பிளேயில் 1.5 என்று இருந்ததைப் பார்த்துத்தான் எழுதினேன் என்கிறார். எங்கள் செட் பாயிண்ட்டும் 1.5-தான். ராத்திரி வேலை சொன்ன மாதிரி இருக்கலாம், டிஸ்பிளேவே கோளாறாக இருக்கலாம், அவர் பார்க்காமலே எழுதியிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து போனார். எஸ்.பி.பி. எப்போது விழுந்தது என்று இப்போது சொல்ல வழியில்லை என்கிறார். ஜெனரேட்டரில் ஒரு ஃபேஸில் லோடு அதிகம் என்பதை மட்டும் அளந்து காட்டினார். அதுதான் காரணமா என்றால் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

காக்கா சொன்னதையெல்லாம் யோசித்து, முதலில் செய்தியே எழுதாமல் ஒரு தாளை எடுத்து நடந்ததை நேரப்படி எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எங்கிருந்து தெரிந்தது என்று போட்டேன்: லாக்கர், நானே அளந்தது, ஆபரேட்டர் சொன்னது, எலக்ட்ரீஷியன் சொன்னது. தெரியாதவை அடியில் தனியாக. எழுதி முடித்தபோது முதல் வரைவில் இருந்த பாதி வாக்கியத்துக்கு எதிரே போட ஒன்றும் இல்லை. அந்தத் தாளிலிருந்து மட்டும் எடுத்து மறுபடி எழுதியது இது.

எம்.டி.க்கு:

"சார், உங்கள் முடிவு இரண்டு வேண்டும். ஒன்று, நாளைய கண்டெய்னரை நிறுத்த ஒப்புதல். இரண்டு, கம்ப்ரசர் நின்றால் வாட்ச்மேன் அறையில் அடிக்கும் அலாரம் வைக்க ஒப்புதல்.

நேற்று இரவு 11:10 முதல் 4:25 வரை கோல்டு ரூம் கம்ப்ரசர் நின்றிருந்தது. அறைக் காற்று 12:40 முதல் 5:10 வரை 3.3-க்கு மேல், உச்சம் 6.9. அளந்த மூன்று டின்களில் ஒன்று 4.1, மற்றவை 2.8, 2.4. மீதி அளக்கப்படவில்லை, அதனால் 640 பெட்டியும் நிறுத்தி வைப்பு, அதில் 400 நாளைய சரக்கு. எஸ்.பி.பி. ஏன் விழுந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை. ஜெனரேட்டரில் ஒரு ஃபேஸில் லோடு கூடுதல் என்று எலக்ட்ரீஷியன் அளந்திருக்கிறார். இரவு 2 மணி ரிஜிஸ்டரில் 1.5, லாக்கரில் 5.0. ஆபரேட்டர் டிஸ்பிளேயைப் பார்த்து எழுதியதாகச் சொல்கிறார், டிஸ்பிளேயைச் சோதிக்கிறோம். 640 பெட்டியும் கழிந்தால் இழப்பு எவ்வளவு என்ற கணக்கை அக்கவுண்ட்ஸ் மாலை தருவார்கள்."

பையருக்கு (இங்கிலீஷில் போகும், சாரம் இதுதான்):

"உங்கள் 400 பெட்டியும் நாளைய கண்டெய்னரில் வராது. நேற்று இரவு சேமிப்பறையில் குளிரூட்டல் 5 மணி 15 நிமிடம் நின்றிருந்தது. அறைக் காற்று நான்கரை மணி நேரம் 3.3-க்கு மேல் இருந்தது, உச்சம் 6.9. மூன்று டின் அளந்தோம்: 4.1, 2.8, 2.4. மற்றவை அளக்கப்படவில்லை, அதனால் உங்கள் லாட் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. லாக்கர் ஃபைலை இணைத்துள்ளோம். இந்தச் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்பதில் உங்கள் தரப்பு நிபுணரின் கருத்தை எதிர்பார்க்கிறோம். அதுவரை மாற்றுச் சரக்கு தேவையா என்று சொன்னால், எங்கள் அடுத்த உற்பத்தி எப்போது தயார் என்று தெரிவிக்கிறோம். நாளை இதே நேரம் புதிதாக எதுவும் தெரியாவிட்டாலும் எழுதுவோம்."

டீமுக்கு:

"நேற்று இரவு ஜெனரேட்டர் ஓடியும் கோல்டு ரூம் கம்ப்ரசர் 11:10 முதல் 4:25 வரை நின்றிருந்தது. காற்று 6.9 வரை ஏறியது. அளந்த மூன்று டின்னில் ஒன்று 4.1. அதனால் 640 பெட்டியும் நிறுத்தி வைப்பு, சிவப்பு அட்டை கட்டிய எந்தப் பெட்டியையும் நகர்த்த வேண்டாம். எஸ்.பி.பி. ஏன் விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை. இன்று இரவு முதல்: கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியதும் ஒருவர் கம்ப்ரசர் அறைக்கே போய் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், லைட் எரிவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஓடாவிட்டால் ரீசெட் ஒரே ஒரு தடவை. திரும்ப விழுந்தால் தொடாமல் எலக்ட்ரீஷியனுக்கும் எனக்கும் போன். ரிஜிஸ்டரில் வெளி டிஸ்பிளே எண்ணை எழுத வேண்டாம், லாக்கர் எண்ணை எழுதுங்கள். டிஸ்பிளேயில் வேறு எண் கண்டால் அதையும் பக்கத்தில் குறியுங்கள். லாக்கர் திரையைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இன்று 7 மணிக்குக் காட்டித் தருகிறேன்."

---

தங்கச்சிமடம் ஐஸ் | மதியம் 12:58

ஒரே ஒரு தடவை ரீசெட் என்று எழுதியது நல்லது. திரும்பத் திரும்ப அமுக்கிக் கம்ப்ரசரை எரித்தவர்கள் உண்டு.

---

பாம்பன் பாலா | மதியம் 1:10

இப்போது நன்றாக இருக்கிறது, எம்.டி.க்கு முடிவை முதலில் கேட்டது எனக்குப் பிடித்தது. எங்கள் பெரியவர் மூன்றாவது வரி வரைக்கும்தான் படிப்பார். பையருக்கு அவர் சரக்கு வராது என்று முதல் வரியிலேயே சொன்னதும் சரி.

ரிஜிஸ்டர் விஷயம் பையர் மெயிலில் இல்லை, அதுவும் சரி. அது உள் விவகாரம்.

---

கீழக்கரை காக்கா | மதியம் 1:35

அங்கேதான் எனக்கு இடிக்கிறது, பாலா. மற்றது எல்லாம் சரி. எம்.டி. செய்தியில் பண இழப்பு இருக்கிறது, பையருக்கு அது தேவையில்லை, விட்டது நியாயம். எந்தப் பட்டனை அமுக்குவது என்பது எம்.டி.க்குத் தேவையில்லை. ஜெனரேட்டர் ஃபேஸ் லோடு பையருக்கு இப்போது வேண்டாம், உறுதியானதும் போகட்டும். இதெல்லாம் விவரத்தைக் கூட்டுவது, குறைப்பது. கேட்பவர் எடுக்கப் போகிற முடிவு இதனால் மாறாது.

ரிஜிஸ்டர் அப்படி இல்லை. பையர் இத்தனை நாள் நம்பி வாங்கியது இந்த வெப்பப் பதிவுகளைப் பார்த்துத்தான். 5.0 இருக்கும்போது 1.5 என்று பதிவாகியிருக்கிறது என்றால், போன மாதம் அனுப்பிய லாட்டின் பதிவு எப்படி என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதை மறைத்தால் அவருடைய முடிவையே மாற்றுகிற ஒன்றை மறைக்கிறோம். ஆபரேட்டர் பெயர் வேண்டாம், ஏன் என்ற ஊகம் வேண்டாம். "அன்றிரவு கைப்பதிவு லாக்கரோடு ஒத்துப்போகவில்லை, காரணம் பார்க்கிறோம், மேலே உள்ள எண்கள் லாக்கரிலிருந்து" என்று ஒரே வரி.

---

பாம்பன் பாலா | மதியம் 1:52

காக்கா, சிஸ்டரே "டிஸ்பிளே கோளாறா, ஆளா தெரியாது" என்கிறார். லாக்கர்தான் தப்பு, டிஸ்பிளே சரி என்றாகவும் வாய்ப்பு இருக்கிறதே? தெரியாத ஒன்றைச் சொல்லி முந்தைய லாட் எல்லாவற்றின் மேலும் சந்தேகத்தை ஏன் நாமே தூக்கிப் போட வேண்டும்? பழைய சரக்கின் லாக்கர் ஃபைல் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைப்பதிவை அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

---

கீழக்கரை காக்கா | மதியம் 2:04

லாக்கர் தப்பாக இருக்க முடியாது, 4:40-க்குத் தங்கச்சியே தெர்மாமீட்டர் வைத்து 4.1 பார்த்திருக்கிறார். டிஸ்பிளேயைச் சரிபார்க்கும்வரை பொறு என்றால் ஒரு நாள் பொறுக்கலாம், அதற்குமேல் இல்லை. பழைய லாட்டுகளுக்கு லாக்கர் ஃபைல் போயிருக்கிறது என்பது நல்ல வாதம்தான். ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

---

ராத்திரி வேலை | மதியம் 2:15

டீம் செய்தி இப்போது படிக்க முடிகிறது மேடம். ஒரு சந்தேகம். கண்டெய்னர் நாளைக்குப் போகாது என்பதை டீமுக்குச் சொல்லவில்லையே? லோடிங் ஆட்கள் நாளைக்கு வரணுமா வேண்டாமா? தினக்கூலி அவர்களுக்கு. உங்களுக்கு வெப்பம் முக்கியம், அவர்களுக்கு அதுதான் செய்தி.

---

நண்டு கியூசி | மாலை 5:50

லோடிங் ஆட்கள் பற்றிச் சேர்த்துவிட்டேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு லோடிங் கிடையாது, பேக்கிங்கில் எட்டுப் பேருக்கு வேலை உண்டு என்று போட்டேன். மீதிப் பேருக்கு என்ன என்று எம்.டி.யிடம் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

அலாரத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. பையர் மெயிலில் எம்.டி. ஒரு மாற்றம் சொன்னார். மூன்று டின் எண்களை எடுத்துவிட்டு "சில டின்கள் எல்லையைத் தாண்டின" என்று போடலாமே என்றார். "சார், தாண்டியது ஒன்று, நாம் பார்த்ததே மூன்று. சில என்றால் அவர் முப்பது பார்த்தோம் என்று நினைப்பார்" என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

ரிஜிஸ்டர் வரியை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாளை டிஸ்பிளேயைக் கழற்றிப் பார்த்த பிறகு எழுதலாம் என்கிறார். இன்றைய மெயிலில் "எண்கள் அனைத்தும் லாக்கரிலிருந்து; கைப்பதிவைத் தனியாகச் சரிபார்க்கிறோம்" என்பது வரைக்கும் விட்டார். 5:20-க்கு அனுப்பியாகிவிட்டது.

---

கீழக்கரை காக்கா | மாலை 6:10

அந்த வரி போதாது என்பேன். ஆனால் பொய் இல்லை. நாளைக்கு டிஸ்பிளே பற்றி ஏதாவது தெரிந்தால் அன்றைய மெயிலில் போகணும், அதையும் இன்றைக்கே எம்.டி.யிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

---

பாம்பன் பாலா | மாலை 6:18

எனக்கு அந்த வரியே அதிகம். பார்ப்போம், பையர் என்ன கேட்கிறார் என்று.

---

ராத்திரி வேலை | மாலை 6:31

மேடம், அந்த ஆபரேட்டர் இன்றைக்கு ராத்திரி டியூட்டிக்கு வரலாமா? அதை யாராவது அவரிடம் சொன்னீர்களா?

---

நண்டு கியூசி | மாலை 6:36

வரலாம். இப்போதே போன் பண்ணுகிறேன்.